அந்த நேரம் தோதுப்படாதுங்க, அக்கா

எங்கள் தெருவில் ஓர் இளைஞர் குடியிருக்கிறார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டில் துணி வாங்குகிறவருக்கும் இங்கே தைக்கிற தொழிற்சாலைக்கும் நடுவில் நின்று, சாம்பிள் அனுப்புவது முதல் சரக்கு கப்பலேறுவது வரை எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டிய வேலை. ஒரு வெள்ளிக்கிழமை காலை கைபேசியோடு என்னிடம் வந்தார். முகம் வாடியிருந்தது. நள்ளிரவு தாண்டி 1.32க்கும் 1.40க்கும் டொரன்டோவிலிருந்து இரண்டு வீடியோ அழைப்புகள் வந்திருக்கின்றன. அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

அழைத்தவர் யாழ்ப்பாணத்திலிருந்து கனடா போய், டொரன்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் குழந்தைகள் உடுப்புக் கடை வைத்திருக்கும் ஓர் அம்மையார். இவர் அவரை அக்கா என்பார், அவர் இவரைத் தம்பி என்பார். இருவரும் எழுதிக்கொள்வது தமிழில்தான். அந்த வாரம் அவர் எழுதியிருந்தது இது:

‘தம்பி, சாம்பிள் கிடைச்சுது. கழுத்து விசயமா ஒருக்கா வீடியோவில கதைக்க வேணும். வியாழன் பின்னேரம் நாலு மணிக்கு வசதியோ?’

அதற்கு நம்மவர் போட்ட பதில்:

‘அந்த டைம் கொஞ்சம் கஷ்டம்தாங்க அக்கா. பாக்கலாம்ங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. வேற எப்ப வசதின்னாலும் சொல்லுங்க, நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கறேன்.’

அக்கா, ‘ஓம் தம்பி, பாப்பம்’ என்று எழுதிவிட்டு, வியாழன் மாலை நான்கு மணிக்குக் கடையை உதவியாளிடம் விட்டு, சாம்பிளை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு அழைத்திருக்கிறார்.

ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் பல வருடங்கள் கடிதப் போக்குவரத்துப் பார்த்தவன் நான். இந்தப் பதிலில் மரியாதைக்குக் குறைவே இல்லை. நான்கு ‘ங்க’ இருக்கிறது, கிட்டத்தட்ட ஒரு மன்னிப்பும் இருக்கிறது. இல்லாதது இரண்டு. முடியாது என்ற செய்தி இல்லை. வேறு எந்த நேரம் முடியும் என்ற செய்தியும் இல்லை. சொன்ன நேரத்தை மறுத்து எழுதும் கடிதத்தில் இந்த இரண்டும்தான் சரக்கு, மற்றதெல்லாம் அதைச் சுற்றிய காகிதம்.

‘கொஞ்சம் கஷ்டம்’ என்றால் திருப்பூரில் முடியாது என்று பொருள். ‘பார்க்கலாம்’ என்றாலும் அநேகமாக அதேதான். நேரில் சொல்லும்போது முகமும் இழுப்பும் சேர்ந்து அந்தப் பொருளைக் கொடுத்துவிடும். எழுத்தில் அவை போய்ச் சேர்வதில்லை. படிப்பவர் தமிழராகவே இருந்தாலும், வேறு ஊர்ப் பேச்சில் வளர்ந்தவருக்கு ‘கஷ்டம்தான், ஆனாலும் பார்க்கிறேன்’ என்றே அது கேட்கும். அக்கா அப்படித்தான் எடுத்துக்கொண்டார். தப்பு அவருடையதல்ல.

‘முடியாது’ என்ற சொல் நம் காதுக்குக் கடுமையாக இருக்கிறது, அதனால்தான் அதைச் சுற்றிப் போகிறோம். கடுமை சொல்லில் இல்லை, அது எதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதில் இருக்கிறது. ‘என்னால் முடியாது’ என்று அங்கேயே நிறுத்தினால் கதவைச் சாத்தியது போலாகும். ‘அந்த நேரத்தில் முடியாது, இந்த நேரத்தில் முடியும்’ என்றால் யாரும் வருத்தப்படமாட்டார்கள். மறுப்பு ஆளுக்கோ வேலைக்கோ அல்ல, கடிகாரத்தின் ஒரு புள்ளிக்கு மட்டும் என்பது அப்போது தெளிவாகிவிடுகிறது. முடியாது என்று எழுத மனம் வராதவர்களுக்குத் தமிழில் ‘தோதுப்படாது’, ‘வசதிப்படாது’ என்று நல்ல சொற்கள் இருக்கின்றன. இரண்டும் மென்மையானவை, இரண்டிலும் ஐயத்துக்கு இடமில்லை.

அடுத்த வாரமும் அக்கா வியாழன் பின்னேரம் நான்கு மணியையே கேட்டார். வியாழக்கிழமைதான் கடையில் உதவிக்கு ஆள் இருக்கும் நாளாம். இந்த முறை நாங்கள் இருவரும் உட்கார்ந்து பதில் எழுதினோம்.

முதலில் கணக்கு. கோடைக்காலத்தில் டொரன்டோ நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அவர்களுடைய நேரத்தைச் சொன்னால் அதில் இரண்டரை மணி கழித்து, காலையை மாலையாகவும் மாலையை மறுநாள் காலையாகவும் மாற்றிக்கொண்டால் நம் நேரம் வந்துவிடும். மாலை 4 மணியில் இரண்டரை போனால் ஒன்றரை, அதாவது நமக்கு வெள்ளி அதிகாலை 1.30. நம் நேரத்தை அவர்களுடையதாக்க இரண்டரையைக் கூட்டி அதேபோல் மாற்ற வேண்டும். நம் மாலை 6 மணி, அவர்களுக்கு அதே நாள் காலை 8.30.

இங்கே ஒரு பள்ளம் உண்டு. நாம் விடிந்தால்தான் மறுநாள் என்று பழகியவர்கள், பஞ்சாங்கக் கணக்கும் அதுதான். அதனால் பின்னிரவு ஒன்றரை மணியைப் பலர் ‘வியாழன் ராத்திரி ஒன்றரை’ என்றே எழுதுவார்கள். கடிகாரத்துக்கும் கைபேசி நாட்காட்டிக்கும் அது வெள்ளிக்கிழமை. ஒரு நாள் முழுக்கத் தவறிப் போக இந்த ஒரு சொல் போதும். ‘வெள்ளி அதிகாலை’ என்று தேதியோடு எழுதுவதே சரி. ‘வர்ற வெள்ளி’, ‘அடுத்த வெள்ளி’ என்பவையும் இப்படித்தான். இரண்டும் ஒரே வெள்ளி என்பாரும் உண்டு, வேறுவேறு என்பாரும் உண்டு. ‘ஜூன் 19, வெள்ளி’ என்று எழுதிவிட்டால் கேள்வியே எழாது. தேதியை வெறும் எண்களால் எழுதுவதும் வேண்டாம். 6/7 என்பது ஒருவருக்கு ஜூன் 7, இன்னொருவருக்கு ஜூலை 6. மாதத்தின் பெயரை எழுத்தால் எழுத ஒரு நொடிகூட அதிகம் ஆகாது.

அடுத்து, எந்த நேரத்தைக் கொடுப்பது? ‘உங்களுக்கு எப்போது வேண்டுமானாலும்’ என்பது பெருந்தன்மை போலத் தோன்றும். உண்மையில் அது வேலையை எதிர்ப்பக்கம் தள்ளிவிடுகிறது. அவர் நம் ஊர் நேரத்தைக் கணக்குப் போட்டு, நமக்கு எது ஒத்துவரும் என்று ஊகித்து, மறுபடியும் ஒரு நேரம் சொல்லி, அதற்கும் மறுப்பு வருமோ என்று காத்திருக்க வேண்டும். இரண்டு ஊருக்கும் நடுவில் ஒன்பதரை மணி வித்தியாசம் இருக்கும்போது ஒரு கேள்விக்கும் அதன் பதிலுக்கும் பெரும்பாலும் ஒரு நாள் போய்விடும். இதற்கு மறுகோடியில், ‘வெள்ளி மாலை 6 மணிக்குத்தான் முடியும்’ என்று ஒற்றைப் புள்ளியைக் கொடுப்பது ஆணை போலாகிவிடும். இரண்டு நாட்களில், நாளுக்கு ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம் அகலமாக ஆளுக்கு வசதியான ஒரு வெளியைக் கொடுப்பதே என் அனுபவத்தில் பலித்தது. இரண்டுக்கு மேல் கொடுத்தால் படிப்பவர் தேர்வு செய்யாமல் தள்ளிப் போட ஆரம்பிப்பார்.

அந்த வெளி நமக்கு மட்டும் நல்லதாக இருந்தால் போதாது. அக்காவுக்கு எப்போது ஓய்வு என்று அவரிடம் கேட்காமலே கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. வாட்ஸப்பில் அவர் இதுவரை அனுப்பிய செய்திகளின் நேரத்தைப் பார்த்தோம். பெரும்பாலானவை நம் மாலை ஐந்தரைக்கும் ஏழுக்கும் நடுவில் வந்திருந்தன. அதாவது டொரன்டோவில் காலை எட்டுக்கும் ஒன்பதரைக்கும் இடையில், கடை திறப்பதற்கு முன். அந்த நேரத்தில் கடை ஆள் தேவையில்லை, ஆகவே வியாழனோடு கட்டுப்படவும் வேண்டாம். இந்தப் பக்கம் கம்பெனியில் பேட்டர்ன் மாஸ்டர் இரவு ஏழரை வரை இருப்பார். பேச வேண்டியது கழுத்தளவு. தலை நுழையச் சிரமமாக இருக்கிறது என்பது புகார். மாஸ்டர் கையில் சாம்பிளோடும் டேப்போடும் பக்கத்தில் நின்றால்தான் பேச்சுக்குப் பயன். (நிறம் பற்றிய பேச்சாக இருந்தால் வீடியோவே உதவாது. திரையில் தெரியும் நிறத்தை நம்பி ஓகே சொல்ல முடியாது, லேப் டிப் துண்டுகள் கூரியரில் போய்ச் சேர வேண்டும். அப்போது மறுக்க வேண்டியது நேரத்தையல்ல, அழைப்பையே.)

கடைசியில் இப்படி ஒரு செய்தி உருவானது:

‘வணக்கம் அக்கா. சாம்பிளைப் பார்த்துச் சொன்னதுக்கு நன்றிங்க. ஜூன் 18 வியாழன் பின்னேரம் 4 மணி எனக்குத் தோதுப்படாதுங்க. இங்கே அப்போ வெள்ளி அதிகாலை 1.30. கீழே இருக்கும் ரெண்டில் ஒன்று உங்களுக்குச் சரிவருமா?

ஜூன் 18, வியாழன்: உங்கள் நேரம் காலை 8.00 முதல் 9.00க்குள் ஆரம்பிக்கலாம் (இங்கே மாலை 5.30 – 6.30).

ஜூன் 19, வெள்ளி: உங்கள் நேரம் காலை 7.30 முதல் 9.00க்குள் ஆரம்பிக்கலாம் (இங்கே மாலை 5.00 – 6.30).

அரை மணி நேரம் போதுங்க. அந்நேரம் பேட்டர்ன் மாஸ்டரும் சாம்பிளோடு பக்கத்தில் இருப்பார், கழுத்தை அளந்தே காட்டிடலாம். எந்த நாள், எத்தனை மணி என்று மட்டும் சொல்லுங்க, நானே கூப்பிடறேன். புதன் உங்கள் நேரம் ராத்திரி 9 மணிக்குள் தெரிஞ்சா மாஸ்டரிடம் சொல்லி வெச்சுடுவேன். ரெண்டும் ஆகாதுன்னா, உங்களுக்கு எந்த நாள் காலை ஓய்வுன்னு சொல்லுங்க.’

இதில் சில இடங்களில் நின்று பார்க்க வேண்டும்.

அவருடைய நேரம் முதலில் வருகிறது, நம் நேரம் அடைப்புக்குள் போகிறது. படிப்பவர் கூட்டிக் கழிக்க வேண்டியதில்லை. அடைப்புக்குள் நம் நேரத்தையும் வைப்பது வெறும் அலங்காரமில்லை: நாம் கணக்கில் பிசகியிருந்தால் இரண்டு எண்களும் பொருந்தாமல் நிற்கும், யாராவது ஒருவர் கண்ணில் பட்டுவிடும். அக்கா விஷயத்தில் இன்னொரு வசதியும் உண்டு. இலங்கையும் 2006 முதல் நம் நேரத்தையே வைத்திருக்கிறது. யாழ்ப்பாணத்துக்கு அடிக்கடி பேசுகிறவர் என்பதால் ‘இங்கே மாலை 5.30’ என்பது அவருக்கு உடனே பிடிபடும்.

நேரத்தோடு ஊர் பெயரைச் சொல்லுங்கள், சுருக்கெழுத்தைச் சொல்லாதீர்கள். `IST` என்று நாம் எழுதினால் நமக்கு அது இந்திய நேரம். இஸ்ரேலியர்களும் தங்கள் நேரத்தை அப்படித்தான் சுருக்குகிறார்கள், அயர்லாந்துக்காரர்களும் கோடைக்கால நேரத்துக்கு அதே எழுத்துகளைத்தான் போடுகிறார்கள். ‘டொரன்டோ நேரம்’, ‘திருப்பூர் நேரம்’ என்றால் யாருக்கும் குழப்பமில்லை.

‘8.00 முதல் 9.00க்குள் ஆரம்பிக்கலாம்’ என்பதில் ‘ஆரம்பிக்கலாம்’ என்ற சொல்லை நான் வற்புறுத்திச் சேர்க்கச் சொன்னேன். வெறுமனே ‘8 முதல் 9 வரை’ என்று எழுதினால், ஒன்பது மணிக்குத் தொடங்கலாமா, ஒன்பதுக்குள் முடித்தாக வேண்டுமா என்பது தெரியாது. நாம் முடிவு என்று நினைத்த நேரத்தில் அவர் தொடக்கம் என்று வந்து நிற்பார். மாஸ்டர் அப்போது செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிக்கொண்டிருப்பார். பேச்சு எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் சொல்லிவிட்டால்தான் அந்த வெளிக்கு முழு உருவம் கிடைக்கிறது.

காரணத்தைப் பற்றி எப்போதும் ஒரு கேள்வி வரும்: சொல்ல வேண்டுமா, வேண்டாமா? என் கருத்து, உண்மையான காரணம் அரை வரியில் அடங்குமானால் சொல்லுங்கள், அடங்காவிட்டால் விட்டுவிடுங்கள். ‘இங்கே அப்போ அதிகாலை 1.30’ என்பதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வீட்டில் உடம்பு சரியில்லை, ஊருக்குப் போகிறேன் என்று இட்டுக்கட்டினால், அடுத்த அழைப்பில் முதல் ஐந்து நிமிடம் அந்தப் பொய்யை விசாரிப்பதிலேயே போகும். நம் ஊரில் ராகு காலத்துக்காக நேரத்தை மாற்றுகிறவர்கள் நிறைய. வியாழனன்று ஒன்றரையிலிருந்து மூன்று வரை புது வேலை எதுவும் தொடங்கமாட்டார்கள். அதே வழக்கம் உள்ளவரிடம் அதை அப்படியே சொல்லலாம், அவரும் ஏற்பார். வழக்கம் இல்லாதவரிடம் ‘மூன்று மணிக்குப் பிறகு எனக்கு வசதி’ என்றால் அதுவே முழு உண்மை, அதுவே போதும். எல்லாவற்றையும்விடப் பயன்படுவது, மாற்று நேரத்தால் அவருக்கு என்ன கிடைக்கும் என்ற காரணம். ‘மாஸ்டர் பக்கத்தில் இருப்பார்’ என்ற வரியைப் படித்த பிறகு நான்கு மணி போனதில் அக்காவுக்கு எந்த இழப்பும் இல்லை.

கெடு வைப்பதற்குப் பலர் கூச்சப்படுகிறார்கள். கெடு இல்லாமல் இரண்டு நாட்களின் மாலையைக் கொடுத்தால், பதில் வரும்வரை அந்த இரண்டையும் நாம் காலியாக வைத்திருக்க வேண்டும். வைத்திருப்போமா? இடையில் வேறொருவர் கேட்டால் கொடுத்துவிடுவோம், பிறகு ‘மன்னிக்கணும், அந்த நேரமும் போயிடுச்சு’ என்று இரண்டாவது மறுப்பு எழுத வேண்டிவரும். முதல் மறுப்பைவிட அது பத்து மடங்கு கசப்பு. ஆகவே கொடுத்த நேரத்தை நாட்காட்டியில் மறித்து வையுங்கள், எப்போது வரை மறித்து வைப்பீர்கள் என்பதை அவருக்கும் சொல்லுங்கள். காரணத்தோடு சொன்ன கெடு யாரையும் உறுத்தாது. இங்கே மாஸ்டரிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்பதே காரணம்.

கூகுள் காலண்டர், அவுட்லுக் போன்றவற்றில் அழைப்பு வந்தால் வேறு நேரம் கேட்க அங்கேயே வழி இருக்கிறது. கூகுளில் அது `Propose a new time`. அவுட்லுக்கில் `Tentative and Propose New Time`, `Decline and Propose New Time` என்று இரண்டு வகை. இவை ஊர் நேரக் கணக்கைத் தாமே பார்த்துக்கொள்கின்றன என்பது பெரிய வசதி. ஆனால் அவை ஒரே ஒரு நேரத்தைத்தான் முன்வைக்கும், வெளியை அல்ல. குறிப்பு எழுதும் இடத்தைக் காலியாக விட்டால் போய்ச் சேர்வது ஒரு மறுப்பும் ஓர் எண்ணும் மட்டும்தான். மேலே சொன்ன செய்தியை நான்கு வரியாகச் சுருக்கி அங்கே எழுதிவிடுங்கள். அவுட்லுக்கில் மறுத்துவிட்டால் அந்தச் சந்திப்பு உங்கள் நாட்காட்டியிலிருந்தே போய்விடும். பேச்சு முடிவாகும்வரை `Tentative` வகையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பத்துப் பேர் வரும் கூட்டமாக இருந்தால் இந்தப் பொத்தான்களையே தொடாதீர்கள். ஒருங்கிணைப்பவருக்குத் தனியாக எழுதுங்கள். மற்ற ஒன்பது பேரின் நேரம் அவருக்குத்தான் தெரியும்.

இன்னும் ஒன்று. சந்திப்புக்கு நான்கைந்து மணி நேரமே இருக்கிறது, அல்லது அவர் உங்களைப் பார்க்கப் பேருந்து ஏறிவிட்டார் என்றால் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், கூப்பிட்டுப் பேசுங்கள். பேசி முடித்தபின் ஒத்துக்கொண்ட நேரத்தை மட்டும் ஒரு வரியில் எழுதி அனுப்புங்கள்.

அக்காவின் பதில் இரண்டு மணி நேரத்தில் வந்தது: ‘ஓம் தம்பி, வெள்ளி எட்டரைக்குக் கதைப்பம்.’ நம்மவர் உடனே, ‘சரிங்க அக்கா, ஜூன் 19 வெள்ளி, உங்கள் காலை 8.30, இங்கே மாலை 6.00’ என்று திருப்பி எழுதி உறுதி செய்தார். வெள்ளி மாலை பேச்சு இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்தது. கழுத்துப் பட்டையைத் தளர்த்தி இன்னொரு சாம்பிள் தைப்பது என்று முடிவாயிற்று. அதன் பிறகு இருவரும் மாதம் இரண்டு முறை வெள்ளி காலை எட்டரையையே வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கடல் கடந்து பேசுகிறவர்கள் எல்லோரும் தங்கள் நாட்காட்டியில் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று பாக்கி இருக்கிறது. டொரன்டோவிலும் நியூயார்க்கிலும் நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிறு அதிகாலையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்துவிடுவார்கள், மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறுதான் மறுபடி முன்னால் தள்ளுவார்கள். லண்டனில் அது அக்டோபரின் கடைசி ஞாயிறே நடந்துவிடும், ஒரு வாரம் முன்னதாக. நம் கடிகாரம் அசையாது. அந்த நான்கு மாதங்களும் டொரன்டோவின் காலை எட்டரை, திருப்பூரில் மாலை ஆறு அல்ல, ஏழு. மாஸ்டர் ஏழரைக்குக் கிளம்புகிறவர். அக்டோபர் முடிவதற்குள் அக்காவுக்கு ஒரு வரி எழுத வேண்டியிருக்கும்.